ஒன்பதாவது ஸ்லைடில் வரும் சுருக்கப்பெயர்

மின்பகிர்மானப் பொறியாளர் ஒருவர் நகராட்சி உறுப்பினர்களுக்கு ஊரின் மின்தடை நிலவரத்தை 21 ஸ்லைடுகளில் விளக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். SAIDI, SAIFI, CAIDI, DT, MD, RMU என்று சுருக்கப்பெயர்கள் நிறைய வருகின்றன. எல்லாவற்றையும் இரண்டாவது ஸ்லைடில் பட்டியலாகப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அவர் அதைக் காட்டிப் பேசும்போது உறுப்பினர்கள் பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு காதில் விழாது. ஒன்பதாவது ஸ்லைடில் SAIDI வரும்போது பட்டியலில் படித்தது மறந்திருக்கும். பட்டியலைக் கடைசியில் போட்டாலோ, விளங்காமலே எல்லாம் முடிந்த பிறகுதான் அது திரைக்கு வரும்.

ஒரு சொல்லின் பொருள் அது முதலில் வரும் ஸ்லைடிலேயே தெரிந்துவிட வேண்டும். மறந்தவர் கேட்கும்போது திரும்பிப் பார்க்கத்தான் சொல்விளக்க ஸ்லைடு. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டால் ஓட்டம் தடைபடாது.

முதலில் பட்டியலைச் சலிக்க வேண்டும். ஒவ்வொரு சுருக்கத்தையும் Ctrl+F போட்டுத் தேடிப் பாருங்கள். ஓரிரு இடத்தில்தான் வருகிறதென்றால், அங்கே முழுப்பெயரை எழுதிவிட்டுச் சுருக்கத்தை நீக்கிவிடலாம். RMU இப்படிப் போய்விடும். DT என்பதை ‘டிரான்ஸ்பார்மர்’ என்றே எழுதினால் எல்லாருக்கும் புரியும். MD மட்டும் ஆபத்தானது. பொறியாளருக்கு அது மேக்ஸிமம் டிமாண்ட், அதாவது உச்ச மின்தேவை. எதிரே இருப்பவருக்கோ மேனேஜிங் டைரக்டர். அவர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியாது, அதனால் கேட்கவும் மாட்டார். இப்படி இரட்டைப் பொருள் தருவதைப் பட்டியலில் விளக்குவதைவிட எங்கும் முழுதாக எழுதுவதே நல்லது. கடைசியில் ஆறேழு சொற்கள் மிஞ்சினால் போதும்.

மிஞ்சியதில் SAIDI-யை எடுத்துக்கொள்வோம். ‘சிஸ்டம் ஆவரேஜ் இன்டரப்ஷன் டியூரேஷன் இன்டெக்ஸ்’ என்று விரித்து எழுதினாலும் நகராட்சி உறுப்பினருக்கு ஒன்றும் விளங்காது. ஒன்பதாவது ஸ்லைடின் தலைப்பையே ‘ஓர் இணைப்புக்குச் சராசரி மின்தடை நிமிடங்கள் – SAIDI’ என்று வைத்து, கீழே ஒரு கணக்கைக் காட்டலாம். ஊரில் 10,000 இணைப்புகள். ஒரு பீடரில் 2,000 இணைப்புகளுக்கு 90 நிமிடம் கரண்ட் இல்லை. மொத்தம் 1,80,000 நிமிடங்கள். அதை 10,000-ஆல் வகுத்தால் SAIDI 18 நிமிடம். அடுத்த ஸ்லைடில் SAIFI வரும்போது இதே கணக்கைத் தொடரலாம்: 2,000 வகுத்தல் 10,000, அதாவது ஓர் இணைப்புக்குச் சராசரியாக 0.2 தடவை. 18-ஐ 0.2-ஆல் வகுத்தால் 90 நிமிடம். கரண்ட் போனால் திரும்பி வரச் சராசரியாக எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும் CAIDI இதுதான். ஒரே உதாரணம் மூன்று சொற்களையும் விளக்கிவிடுகிறது, பேச்சும் நிற்கவில்லை.

இனி சொல்விளக்க ஸ்லைடு. அதை 22-ஆவதாகக் கடைசியில் வையுங்கள். சொற்கள் அகரவரிசையில் இருக்கட்டும், தேடுபவருக்கு அதுதான் வசதி. ஒவ்வொன்றுக்கும் முழுப்பெயர், ‘இது எதை அளக்கிறது’ என்று ஒரு வரி, முதலில் வந்த ஸ்லைடு எண், இவ்வளவுதான். பவர்பாயின்டில் Slide Show பகுதியில் Hide Slide கொடுத்துவிட்டால், வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அது குறுக்கே வராது. இணைப்பை அழுத்தினால் மட்டும் திறக்கும். இணைப்பை எழுத்தின்மேல் கொடுத்தால் நிறம் மாறி அடிக்கோடு விழும். அதனால் ஸ்லைடின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்கு Insert, Link வழியாக Place in This Document என்பதில் 22-ஆவது ஸ்லைடைக் கொடுங்கள். திரும்பி வருவதற்கு, விளக்க ஸ்லைடில் ஒரு பொத்தானுக்கு Insert, Action, Hyperlink to, Last Slide Viewed. எந்த ஸ்லைடிலிருந்து போனாலும் அங்கேயே திரும்பிவிடலாம்.

மேடையில் கையில் கிளிக்கர் மட்டும் இருந்தால் வட்டத்தை அழுத்த முடியாது. அப்போது கீபோர்டில் 22 தட்டி என்டர். திரும்ப 9 தட்டி என்டர். கம்ப்யூட்டர் அருகில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த எண்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடையில் ஒரு ஸ்லைடு சேர்த்தாலும் எண்கள் மாறிவிடும் என்பதால், கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பும்போது இந்த ஏற்பாடு குலையும். Include hidden slides தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் விளக்க ஸ்லைடே விடுபட்டுப்போகலாம். திரும்பும் பொத்தானையும் பிடிஎஃபில் நம்ப முடியாது. தனியாக உட்கார்ந்து படிப்பவர் வாய்விளக்கத்தைக் கேட்டவரும் அல்ல. அவருக்கு அனுப்பும் பிரதியில் மட்டும், மறைத்த ஸ்லைடைத் திறந்து இரண்டாம் பக்கமாக மாற்றி, பட்டியலில் உள்ள ஸ்லைடு எண்களையும் அதற்கேற்ப ஒவ்வொன்று கூட்டி அனுப்புவதே சரி.