பேய்ப் படமும் "Deleted Account"-உம்

எங்கள் பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கத்தின் டெலிகிராம் குழுவில், மூத்த மாணவி ஒருவர் பதிவேற்றிய பழைய தேர்வுத் தாள்களும் குறிப்புகளும் இன்னமும் இருக்கின்றன. அவற்றின் மேல் அவர் பெயர் மட்டும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் "Deleted Account" என்று நிற்கிறது. முகப்புப் படத்திற்குப் பதிலாக ஒரு சின்னப் பேய்ப் படம். அக்கா கோபித்துக்கொண்டு கணக்கை அழித்துவிட்டார் என்றே குழுவில் பேசிக்கொண்டார்கள். மின்னஞ்சலில் விசாரித்தேன். அவர் எதையும் அழிக்கவில்லை. வேலைக்குச் சென்றதும் எண்ணை மாற்றிவிட்டார்; அதன்பின் டெலிகிராமைத் திறக்கவே இல்லை. 6 மாதம் திறக்காவிட்டால் கணக்கு போகட்டும் என்று அவரே எப்போதோ அமைப்பில் தேர்ந்தெடுத்திருந்தாராம்.

நாமே அழித்தாலும், நீண்ட நாள் வராததால் தானாக அழிந்தாலும், டெலிகிராமில் முடிவு ஒன்றுதான். நம் பெயர், படம், மேகச் சேமிப்பிலுள்ள நம் உரையாடல்கள், தொடர்புகள் எல்லாம் போய்விடும். மற்றவர்களுக்கு நாம் அனுப்பியவை அவர்களின் உரையாடலில் அப்படியே இருக்கும், பெயரைத் தவிர. ஆகவே பேய்ப் படத்தைப் பார்த்து, அவர் வேண்டுமென்றே போனாரா, மறந்து போனாரா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெயர் இன்னும் தெரிகிறது, அதன் கீழே "last seen a long time ago" என்று இருக்கிறது என்றால் கணக்கு உயிரோடுதான் இருக்கிறது. அவர் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை, அல்லது உங்களைத் தடுத்திருக்கிறார்.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. பெயர் போய்விடுவதால், அக்காவின் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் அந்த உரையாடல் வராது. அவர் எழுதிய சொல் ஒன்றை, பாடக் குறியீட்டையாவது, நினைவில் வைத்துத் தேடினால்தான் கிடைக்கும்.

டெலிகிராமில் தானாக அழியும் காலம் இப்போது இயல்பாக 18 மாதம். 2025 ஜனவரியில் கடைசியாகத் திறந்த கணக்கு, 2026 ஜூலை வரை தாங்கும். "Settings" சென்று "Privacy and Security" பகுதியின் அடியில் பார்த்தால் இந்தக் காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். உடனே அழிக்க விரும்புவோருக்கு my.telegram.org என்ற தளம் உண்டு. அங்கே எண்ணைக் கொடுத்தால், உறுதிப்படுத்தும் குறியீடு குறுஞ்செய்தியாக வராது, டெலிகிராமுக்குள்ளேயே வரும். அழித்தபின் மீட்க வழியில்லை. அதே எண்ணில் மறுபடி பதிந்தாலும் நீங்கள் புதியவர்தான். நண்பர்களின் பட்டியலில் வெறுமையான புது உரையாடலாகத் தோன்றுவீர்கள்; பழையது பேய்ப் படத்தோடு தனியே கிடக்கும்.

புலனம் எனப்படும் வாட்ஸ்அப்பில் கதை வேறு. அங்கே பொதுவாக 120 நாள் இணைப்பில்லாமல் இருந்தால் கணக்கு நீக்கப்படும். ஆனால் செய்திகள் அவரவர் கைப்பேசியில் இருப்பதால், காலாவதியான கணக்கின் பழைய உரையாடல் உங்கள் கைப்பேசியில் அழியாது. செயலியை நீக்காமல் அதே கைப்பேசியில் மீண்டும் பதிந்தால் அது திரும்பத் தெரியும். நீங்களே "Delete account" அழுத்தினால் அந்த வாய்ப்பும் போய்விடும்: கைப்பேசியிலுள்ள செய்திகளும் காப்புப் பிரதியும் சேர்ந்தே அழியும், குழுக்களிலிருந்தும் விலக்கப்படுவீர்கள். எதிர்த்தரப்பில் மட்டும் இரண்டு வழியிலும் மாற்றமில்லை. நீங்கள் அனுப்பிய பிரதி அவர்களிடமே இருக்கும். உங்கள் பெயரை அவர்கள் தொடர்பு ஏட்டில் சேமித்திருந்தால், பெயரும்கூட.

கணக்கை அழித்தால் பழைய பேச்சுகளும் மறைந்துவிடும் என்று நம்பி அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது தலைகீழ். டெலிகிராம் தனி உரையாடலில், எவ்வளவு பழைய செய்தியானாலும் இருபக்கமும் அழிக்கலாம். அழிக்கும்போது "Also delete for" என்ற கட்டத்தைக் குறியிட வேண்டும். ஆனால் இந்த உரிமை கணக்கு இருக்கும் வரைதான். கணக்கு போனபின், உங்கள் பக்கத்திலிருந்து அதைச் செய்ய யாருமே இல்லை. எனவே முதலில் செய்திகள், பிறகுதான் கணக்கு.

சங்கங்களின் செயலாளர்களுக்கு இன்னொன்று. குழுவை உருவாக்கியவர் கணக்கை அழித்தால் குழு மூடாது, ஆனால் உரிமையாளர் இல்லாமல் நிற்கும். நிர்வாகிகள் தங்கள் வேலையைத் தொடரலாம். பட்டம் பெற்றுப் போகிறவர் உரிமையை முன்கூட்டியே மாற்றிக் கொடுப்பது நல்லது. கடைசி நாளில் முயன்றால் முடியாமல் போகலாம். இரட்டைக் கடவுச்சொல் பாதுகாப்பை இயக்கி 7 நாளாவது ஆகியிருக்க வேண்டும்; அந்தக் கைப்பேசியில் உள்நுழைந்து 24 மணி நேரமாவது கடந்திருக்க வேண்டும். எங்கள் அக்கா வெறும் உறுப்பினர்தான் என்பதால் தப்பித்தோம். அவருடைய குறிப்புகளை இப்போது ஒரு கோப்புறையில் தனியாகச் சேமித்து, அவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம்.