தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீர்

போன வருடம் வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி, பால்கனியில் துளசி நட்டேன். தொட்டியின் அடியில் துளை இல்லை. "ரெண்டு அங்குலம் கூழாங்கல் போட்டு மேலே மண்ணை நிரப்புங்க, தண்ணி கல்லுக்குள்ள போயிடும்" என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் இலைகள் தொங்கிப்போயின. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். செடி போய்விட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாடை அடித்தது. வேரை விரலால் உருவினால் பழுப்பான மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சியது.

அந்தச் செடி தாகத்தால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் அதை எடுத்துக்கொள்கிறது. சந்துகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் கதை மாறிவிடும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நிற்கும் செடியும் வாடுகிறது. வேர் அழுகல் கிருமிகளுக்கும் அந்தச் சேறு வசதியான இடம். இலை தொங்கினால் குவளையை எடுப்பதற்கு முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சரி, கூழாங்கல் ஏன் உதவவில்லை? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். அதன்பிறகும் கீழ் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் தங்கியே இருக்கும். மண்ணும் அப்படித்தான். நுண்ணிய சந்துகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு பட்டை நீர் நிறைந்தே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவை, தொட்டி அல்ல. உங்கள் கலவையில் அது 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. உயரத் தொட்டியில் வேருக்குக் காற்றோட்டமான மண் 16 செ.மீ. இருக்கும். அடியில் 5 செ.மீ. கல்லைப் போட்டால், நீர் பெரிய சந்துள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காமல் கல்லுக்கு மேலேயே நிற்கும். மீதி 15 செ.மீ. மண்ணில் 4 போக, காற்றோட்டத்துக்குக் கிடைப்பது 11 தான். துளையும் இல்லையென்றால், கடைசியில் கல்லுக்குள் இறங்குகிற நீருக்கும் போக வழியில்லை. ஊற்ற ஊற்ற மட்டம் ஏறிக்கொண்டே வரும். துளை வழியே மண் கொட்டுமே என்ற கவலைக்கும் கல் தேவையில்லை. துளை மீது ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்துவைத்தால் போதும், மண் கொட்டாது.

துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. உரத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள உப்பு பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வெளியேறும். எனவே அவ்வப்போது அடியில் வழியும் அளவுக்கு ஊற்றுவது நல்லது.

இனி தொட்டியின் சுவர். சுட்ட மண்தொட்டி நம் மண்பானையின் உறவுதான். சுவரெல்லாம் நுண்துளை, நீர் கசிந்து ஆவியாகி மண்ணைக் குளிர வைக்கும், சீக்கிரம் உலர்த்தவும் செய்யும். தண்ணீர் அதிகம் ஊற்றும் கைக்காரர்களுக்கும், கற்றாழை, துளசி போன்ற செடிகளுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். வெளிப்புறம் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உப்பு; தேய்த்தால் போய்விடும். புதுத் தொட்டியை நடுவதற்கு முன் சில மணி நேரம் நீரில் ஊறப்போடுங்கள். இல்லையென்றால் முதல் நாள் ஊற்றும் நீரில் ஒரு பகுதியைச் சுவரே குடித்துவிடும்.

பிளாஸ்டிக்கில் சுவர்வழி ஒரு சொட்டும் போகாது. கோடையில் மொட்டை மாடியில் தினம் இருவேளை ஊற்ற முடியாதவர்களுக்கு அது வரம். ஆனால் கறுப்புத் தொட்டி மேற்கு வெயிலில் நின்றால் ஓரத்து வேர் வெந்துபோகும். மெருகு பூசிய பீங்கானும் நீர் விஷயத்தில் பிளாஸ்டிக் மாதிரிதான், கனமும் அழகும் மட்டும் கூடுதல். ஆகவே அதற்குத் துளை இன்னும் அவசியம். டைல்ஸ் துளைக்கும் டயமண்ட் பிட்டை மெதுவாக ஓட்டி, நீர் விட்டுக்கொண்டே துளைக்கலாம். டிரில்லில் சுத்தியல் முறையை அணைத்துவிட வேண்டும். மறந்தால் தொட்டி விரிசல் விடும்.

நான் துளைக்கவில்லை. அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டியில் புதுத் துளசியை நட்டு, அதைப் பீங்கானுக்குள் இறக்கிவைத்தேன். நீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, சொட்டுவது நின்றபின் திரும்ப வைக்கிறேன். மாடியில் உள்ள தொட்டிகளுக்கு அடியில் மூன்று செங்கல் துண்டுகள் கொடுத்திருக்கிறேன். தரையோடு ஒட்டி உட்கார்ந்தால், துளை இருந்தும் அடைத்த மாதிரிதான்.