கப்பலுக்கு மேலே ஒரு கண்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். விமானம் தாங்கிக் கப்பல் என்றால், வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஓடுதளம். 1982-இல் அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்துக்கொண்டது. மீட்கப் புறப்பட்ட பிரிட்டனுக்கு அருகிலிருந்த விமானத் தளமே அசென்ஷன் தீவுதான். அங்கிருந்தும் 6,000 கிலோமீட்டருக்கு மேல். ஹெர்ம்ஸ், இன்வின்சிபிள் என்ற இரு கப்பல்களும் சீ ஹாரியர் விமானங்களோடு போயிராவிட்டால், கரையிறங்கிய படைக்கு வானில் காவலே இருந்திருக்காது.

அந்த இரண்டில் ஒன்று மூழ்கினாலும் போர் கையைவிட்டுப் போய்விடும். அதனால்தான் சுற்றிலும் துணைக் கப்பல்கள். நீருக்கடியிலும் காவல் உண்டு. மே 2 அன்று கான்கரர் என்ற அணுசக்தி நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதன்பின் அர்ஜென்டினாவின் விமானம் தாங்கிக் கப்பல் தன் கரையோரத்தை விட்டு வெளியே வரவில்லை.

வானிலிருந்து வரும் ஆபத்துதான் கடினம். ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், 30 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் விமானம் சுமார் 40 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். அலைகளை உரசுவதுபோல் வரும் ஏவுகணை 30 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தெரியும். ஒலிவேகத்தை நெருங்கி வரும் அதைத் தடுக்க ஒன்றரை நிமிடமே மிச்சம்.

மே 4 அன்று நடந்தது அதுதான். முன்வரிசைக் காவலில் நின்ற ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை நோக்கி அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட் ஏவுகணைகளை விட்டன. எதிரி ரேடாரை உணர்ந்து எச்சரிக்க வேண்டிய கருவியை, அந்த நேரத்தில் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பு தடுத்துக்கொண்டிருந்தது. ஓர் ஏவுகணை பாய்ந்து 20 பேர் இறந்தார்கள்.

பிரிட்டனின் விமானம் தாங்கிக் கப்பல்கள் தீவுகளுக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளியே நின்றன. எதிரி விமானங்களுக்கு அவ்வளவு தூரம் எட்டுவது கடினம். ஆனால் ஹாரியர்களின் எரிபொருளும் போய்வருவதிலேயே கரைந்தது. தீவுகளுக்கு மேல் கொஞ்ச நேரமே காவல் காக்க முடிந்தது. கப்பலின் பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது.

என் கணிப்பில், அங்கே முதலில் வேண்டியிருந்தது உயரத்தில் ஒரு ரேடார். பழைய ஆர்க் ராயல் கப்பலில் அதற்கென்றே கேனட் விமானங்கள் இருந்தன. 1978-இல் கப்பலின் கடைசிப் பயணத்தோடு அவையும் ஓய்வுபெற்றன. 3,000 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தாழப் பறக்கும் விமானத்துக்கான அடிவானம் 250 கிலோமீட்டர் வரை விரியும். போர் நடக்கும்போதே அவசரமாக சீ கிங் ஹெலிகாப்டர்களில் ரேடார் பொருத்தத் தொடங்கினார்கள்; அவை களத்துக்கு வந்தபோது சண்டை முடிந்துவிட்டது.

அதே ஹெர்ம்ஸ்தான் 1987-இல் விராட் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. இன்றைய விக்ராந்திலிருந்து பறக்கும் காமோவ்-31 ஹெலிகாப்டரின் அடியில் அகலமான ரேடார் ஆன்டெனா ஒன்று விரிந்து சுழலும். அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்தால், போர் விமானங்களுக்கு முன் அந்த ஹெலிகாப்டரைத் தேடிப் பாருங்கள்.