இருபது கோடிச் சொற்களுக்குள் எத்தனை சொற்கள்?

1996 ஆகஸ்ட் 20 முதல் 1997 ஆகஸ்ட் 19 வரை ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்பிய செய்திகளில் ஏறக்குறைய எட்டு லட்சம் செய்திகளை ஒரே தொகுப்பாக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். RCV1 என்பது அதன் பெயர். தேடுபொறிகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் பலரும் ஒருமுறையாவது இதைத் தொட்டிருப்பார்கள். முதல் செய்தியின் முதல் சொல்லில் தொடங்கி ஒன்றுவிடாமல் எண்ணினால் இதில் ஏறக்குறைய 19 கோடியே 79 லட்சம் சொற்கள் வருகின்றன. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் கணக்கில் எடுத்தால் மிஞ்சுபவை 4,84,494. முதல் எண்ணை மொத்தச் சொற்கள் என்றும், இரண்டாவதைத் தனிச்சொற்கள் என்றும் வைத்துக்கொள்வோம். தேடுபொறிக்காரர்கள் அகராதி என்று சொல்வது இந்தத் தனிச்சொற்களின் பட்டியலைத்தான். அதில் பொருள் விளக்கம் எதுவும் இருக்காது. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியலுக்கான நுழைவாயில் அது.

இன்னும் ஓராண்டுச் செய்திகளைச் சேர்த்தால் அகராதி எவ்வளவு பெருக்கும்? செய்தி இரட்டித்தால் அகராதியும் இரட்டிக்கும் என்று சிலர் நினைப்பார்கள். ஆங்கிலத்தில் இருப்பதே சில லட்சம் சொற்கள்தானே, ஓர் அளவுக்கு மேல் புதிதாக என்ன வரப்போகிறது என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டும் தவறு. உண்மையான வளர்ச்சி இவற்றுக்கு நடுவே ஓர் ஒழுங்கான பாதையில் போகிறது. அந்தப் பாதையைச் சொல்வதுதான் ஹீப்ஸ் விதி. ஹரால்ட் ஸ்டான்லி ஹீப்ஸ் 1978-இல் தகவல் மீட்பு பற்றி எழுதிய நூலால் அந்தப் பெயர் நிலைத்தது. மொழியியல் புள்ளிவிவரத்தில் உழைத்த குஸ்டாவ் ஹெர்டான் 1960-லேயே இதைச் சொல்லிவிட்டார். அதனால் ஹெர்டான் விதி என்று அழைப்பவர்களும் உண்டு. அது நியாயமும்கூட.

விதி ஒரே வரியில் அடங்கும்:

V = k × n^b

n என்பது மொத்தச் சொற்கள், V என்பது தனிச்சொற்கள். k, b இரண்டும் அந்தந்தத் தொகுப்பை அளந்து கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். ஆங்கிலத் தொகுப்புகளில் k பெரும்பாலும் 30-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும், b ஏறக்குறைய 0.5 இருக்கும். அடுக்கு 0.5 என்றால் வர்க்கமூலம். அதாவது, அகராதி இரட்டிப்பாக வேண்டுமானால் உரை நான்கு மடங்காக வேண்டும்.

இந்த எண்களைக் கண்டுபிடிக்கக் காகிதமும் பேனாவும் போதும். ஒரு தொகுப்பின் முதல் 10,000 சொற்களில் 3,000 தனிச்சொற்கள் இருந்தன, பத்து லட்சம் சொற்களை எட்டியபோது அது 30,000 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரை நூறு மடங்கானபோது அகராதி பத்து மடங்காகியிருக்கிறது. நூறின் வர்க்கமூலம் பத்து. ஆக b = 0.5. பத்து லட்சத்தின் வர்க்கமூலம் 1,000. அதை எதனால் பெருக்கினால் 30,000 வரும்? முப்பதால். ஆக k = 30. இதே தொகுப்பு பத்துக் கோடிச் சொற்களாக வளர்ந்தால் அகராதி மூன்று லட்சத்தைத் தொடும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

ராய்ட்டர்ஸ் தொகுப்பில் அளந்தபோது k = 44, b = 0.49 என்று வந்தது. முதல் 10,00,020 சொற்களுக்கு விதி கணித்த எண்ணிக்கை 38,323. உண்மையில் இருந்தவை 38,365. பத்து லட்சம் சொற்களுக்குப் பிழை வெறும் 42. தொகுப்பின் முழு நீளத்துக்கு அதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 5,11,000 வருகிறது. எண்ணிப் பார்த்தது 4,84,494. இருநூறு மடங்கு தாண்டிப் போயும் கணக்கு ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேலேதான் விலகுகிறது.

தொடக்கத்தில் மட்டும் இந்த விதியை நம்பக்கூடாது. முதல் ஆயிரம் சொற்களுக்கு இதே சூத்திரம் 1,298 தனிச்சொற்கள் என்கிறது. ஆயிரம் சொற்களுக்குள் ஆயிரத்துக்கு மேல் தனிச்சொற்கள் எப்படி இருக்க முடியும்? இந்தத் தொகுப்பில் 1,668 சொற்கள் வரை சூத்திரம் இப்படி நடக்க முடியாததையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு கட்டுரையையோ ஒரு சிறுகதையையோ வைத்து k, b கணக்கிடுவது வீண்வேலை.

புதுச்சொல் வரும் வேகம் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் நிற்பதில்லை. காகிதத்தில் கணக்கிட்ட தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரமாவது சொல்லின் அருகே நூறு சொற்களுக்குப் பதினைந்து புதியவை வருகின்றன. பத்து லட்சத்தின் அருகே நூற்றுக்கு ஒன்றரை. பத்துக் கோடியில் ஆயிரத்துக்கு ஒன்றரை. இவ்வளவு படித்த பிறகும் வரும் இந்தப் புதியவர்கள் யார்? ஆட்பெயர், ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர், பிறமொழிச் சொல், எண், எழுத்துப்பிழை. மொழி வளமடைவதால் நடப்பது இதில் கொஞ்சம்தான். உலகத்தில் பெயர்கள் தீராததாலும், தட்டச்சு செய்பவர்கள் புதுப்புது விதமாகப் பிழை செய்வதாலும் நடப்பதுதான் அதிகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அடுத்து வரும் சொல் புதியதாக இருக்கும் வாய்ப்பை இன்னொரு வழியிலும் மதிப்பிடலாம். இதுவரை ஒரே ஒருமுறை மட்டும் தலைகாட்டிய சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களால் வகுத்தால் போதும். இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தர வேண்டும் என்று சமன்படுத்திப் பார்த்தால், தனிச்சொற்களில் b என்ற பங்கு ஒரே ஒருமுறை வந்தவையாக இருக்க வேண்டும் என்று கிடைக்கிறது. b = 0.5 என்றால் அகராதியில் பாதி. பெரிய ஆங்கிலத் தொகுப்புகளை எண்ணியவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுதான்.

அகராதியைச் சுருக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது 'the', 'of' போன்ற மிகச் சாதாரணமான சொற்களில். ராய்ட்டர்ஸ் தொகுப்பில் எண்களை நீக்கி, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டையும் நீக்கினால் தனிச்சொற்கள் 3,91,523 ஆகின்றன. மிக அதிகமாக வரும் 30 சொற்களை அடுத்துக் களைந்தால் மொத்தச் சொற்கள் 17.9 கோடியிலிருந்து 12.2 கோடியாக விழுகின்றன. உரையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அகராதி? 3,91,493. சரியாக முப்பது குறைந்திருக்கிறது. அகராதியின் பருமனை முடிவு செய்வது அரிதான சொற்கள்தான். சொல்லின் விகுதிகளை வெட்டி ஒரே அடிக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்த பிறகுதான் அது 3,22,383-க்கு இறங்குகிறது.

நினைவகக் கணக்குக்கு வருவோம். ஒரு சொல்லுக்கு 20 பைட், அது எத்தனை ஆவணங்களில் வருகிறது என்பதற்கு 4, பட்டியல் எங்கே இருக்கிறது என்பதற்கு 4, ஆக 28 பைட். நாலு லட்சம் சொற்களுக்கு 1.12 கோடி பைட். இதில் வீணாகும் இடம் அதிகம், ஏனென்றால் அகராதிச் சொற்களின் சராசரி நீளம் எட்டு எழுத்துதான். எல்லாச் சொற்களையும் இடைவெளியில்லாமல் ஒரே நீண்ட சரமாக எழுதி, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டால் 76 லட்சம் பைட்டில் அடங்கிவிடும்.

இப்போது தொகுப்பைப் பெரிதாக்குவோம். 2,000 கோடி இணையப் பக்கங்கள், பக்கத்துக்கு 200 சொற்கள் என்று வைத்தால் மொத்தம் நான்கு லட்சம் கோடிச் சொற்கள். k = 30, b = 0.5 என்றால் அகராதி ஆறு கோடி. 28 பைட் கணக்கில் 168 கோடி பைட், சாதாரண மடிக்கணினியின் நினைவகத்திலேயே அடங்கும். ஆனால் இணையப் பக்கங்கள் செய்தி நிறுவனத்தின் திருத்திய உரை அல்லவே. அமெரிக்க அரசுத் தளங்களிலிருந்து 2004-இல் திரட்டிய GOV2 தொகுப்பில் k = 7.34, b = 0.648 என்று அளந்திருக்கிறார்கள். அந்த எண்களைப் போட்டால் ஆறு கோடி, 107 கோடி ஆகிவிடுகிறது! நினைவகமும் ஏறக்குறைய 3,000 கோடி பைட். k சிறியதாக இருந்தும் இந்த நிலை. நெடுந்தூரம் போகும்போது எல்லாவற்றையும் தீர்மானிப்பது அடுக்குதான். வேறு வகை உரையில் அளந்த b-யைக் கடன் வாங்கித் திட்டமிடுபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆகவே சொந்த உரையில் அளக்க வேண்டும். ஆவணங்களைக் கலைத்துப்போட்டு, பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம் என்று நிறுத்தி நிறுத்தி எண்ணி, இரண்டு அச்சிலும் மடக்கை வைத்து வரைய வேண்டும். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் நம்பி நீட்டலாம். கலைக்காமல் வரைந்து நடுவில் திடீரென ஒரு படி தெரிந்தால் அங்கே வேறு மொழியோ வேறு துறையோ நுழைந்திருக்கிறது என்று பொருள். சரிவு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் ஒருமுறை மட்டும் வந்த சொற்களை எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய நூல்களை ஸ்கேன் செய்து எடுத்த உரையாக இருந்தால், எழுத்தை மாற்றிப் படித்த குப்பைதான் அந்தப் பட்டியலை நிரப்பியிருக்கும்.

தமிழ் உரையை இப்படி எண்ணினால் ஆங்கிலத்தைவிட வேகமாக அகராதி வளரும். 'வீடு' என்ற சொல்லுக்கு வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே என்று உருவங்கள் பெருகுகின்றன. அதோடு முடிவதில்லை. 'வீட்டிற்கு வந்தான்', 'வீட்டிற்குப் போனான்', 'வீட்டிற்குச் சென்றான்', 'வீட்டிற்குத் திரும்பினான்' என்று இலக்கணப்படி ஒற்று மிகுவித்து எழுதினால், இயந்திரத்துக்கு அவை நான்கு தனிச்சொற்கள். ஒற்று விடுபடும் உரையில் நான்கும் ஒன்றாகிவிடும். ஒருவர் சேர்த்து எழுதுவதை இன்னொருவர் பிரித்து எழுதுவதால் V மட்டுமல்ல, n-உம் மாறுகிறது. எதை ஒரு சொல் என்று எண்ணினோம் என்பதைச் சொல்லாமல் தமிழுக்கு ஒரு b சொல்வதில் பயனில்லை.

மனிதர்கள் புரட்டும் அகராதியைத் தொகுப்பவருக்கும் இதே விதி வேறொரு சேதி வைத்திருக்கிறது. ஜான் சின்கிளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவாகி 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, ஏறக்குறைய இரண்டு கோடிச் சொற்கள் கொண்ட உரைத்திரட்டை வைத்துத் தொகுக்கப்பட்டது. அந்த அளவுள்ள ஒரு திரட்டில் கிடைக்கும் பட்டியலை இரட்டிப்பாக்க எட்டுக் கோடிச் சொற்கள் வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் பாதிச் சொற்களுக்கு ஒரே ஒரு மேற்கோள்தான் கையில் இருக்கும். ஒரே மேற்கோளை வைத்து ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்க எந்தத் தொகுப்பாசிரியரும் துணியமாட்டார். ஆக, எந்தத் திரட்டை எடுத்தாலும் பதிவிடத் தகுந்த சொற்கள் கண்ணில் பட்ட சொற்களைவிட எப்போதும் குறைவு. திரட்டைப் பெரிதாக்கும்போது அரிய சொற்களில் ஒரு பகுதி இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது மேற்கோளைப் பெற்று உள்ளே வருகிறது. அதே நேரத்தில் ஒற்றை மேற்கோளோடு புதிய சொற்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றுகொள்கின்றன.