ஞாயிறு விழாவுக்கு ஆயிரம் பிரதி

புத்தக வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அச்சகத்துக்கு வரும் பதிப்பாளர்கள் உண்டு. 320 பக்க நூல், ஆயிரம் பிரதி, ஞாயிறு காலை விழா, கேட்பது திங்கட்கிழமை. இதற்கு அச்சகம் சொல்லக்கூடாத பதில் "பார்க்கலாம் சார்" என்பதுதான். பதிப்பாளர் காதில் அது "சரி" என்றே விழும். "முடியாது" என்று மட்டும் சொன்னாலும் அவருக்கு வழி பிறக்காது.

முதலில் வேலையை எண்ண வேண்டும். பாரத்துக்கு 16 பக்கம் என்றால் 320 பக்கத்துக்கு 20 பாரம். பிளேட் மாட்டி இரு பக்கமும் அச்சிடப் பாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், பகல் வேலையில் இரண்டரை நாள். செவ்வாய் மாலை கோப்பு வந்து புதனன்று தொடங்கினால், வெள்ளிக்கிழமைதான் அச்சு முடியும். அதன் பிறகு மை காய வேண்டும். மடிப்பு, பாரம் சேர்ப்பு, பைண்டிங், கட்டிங் இருக்கின்றன. அட்டை அச்சும் லேமினேஷனும் இதற்கிடையே நடந்துவிடும். ஞாயிறு விடுமுறையைக் கழித்தால், அடுத்த வியாழன் காலைதான் கட்டுகள் வெளியே போகும்.

ஆள் கூட்டி, இரவு ஷிப்ட் போட்டு அச்சு நேரத்தைக் குறைக்கலாம். மை காய்வதையும் பசை இறுகுவதையும் அப்படி விரட்ட முடியாது. ஈரம் காயாத தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் எழுத்தின் நிழல் படியும். பசை இறுகாத புத்தகத்தை மேடையில் விரித்தால் நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிடும். இதைப் பதிப்பாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்தால் பேரம் பேசுவது குறையும்.

அடுத்து, விழாவுக்கு உண்மையில் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்க வேண்டும். நூறு போதும் என்றால் பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சு கைகொடுக்கும். அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம்:

"சார், நாளை மாலை 5 மணிக்குள் திருத்தம் முடிந்த பிடிஎஃப் வந்தால், டிஜிட்டலில் 100 பிரதி சனி மாலை 6 மணிக்குத் தருகிறோம். மீதி 900 ஆஃப்செட்டில், அடுத்த வியாழன் காலை 11 மணிக்கு. டிஜிட்டல் பிரதிக்கு விலை கூடும். கோப்பு ஒரு நாள் தாமதித்தால் 100 பிரதிக்கு உத்தரவாதம் இல்லை. 900 வெள்ளிக்குப் போகும். இன்று இரவுக்குள் முடிவு சொல்லுங்கள்."

எண்ணிக்கை, நாள், நேரம், நிபந்தனை, செலவு எல்லாம் இதில் இருக்கின்றன. நிபந்தனையை விட்டுவிட்டால், கடைசி நேரத் திருத்தத்தால் வரும் தாமதமும் அச்சகத்தின் தலையில் விழும்.

எல்லா வேலையும் இப்படிப் பிரித்துத் தரக்கூடியது அல்ல. தேர்வு வினாத்தாளில் பாதியை முன்னால் கொடுத்துப் பயனில்லை. முழுவதும் குறித்த நாளுக்குள் முடியாதென்றால் அந்த வேலையை ஏற்காமல், வேறு அச்சகம் தேட அவகாசம் இருக்கும்போதே சொல்லிவிடுவதுதான் நாணயம்.