ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர் ஏன் சுடுகிறது?

புது ஃப்ரிட்ஜ் வந்த இரண்டாம் நாளே கடைக்குப் போன் போகும்: "சைடெல்லாம் சுடுதுங்க, ஏதாவது கோளாறா?" கோளாறில்லை. உள்ளே வைத்த குழம்பின் சூடுதான், தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குழாய் வழியாக அடுப்படிக்கே திரும்பி வருகிறது.

அதைச் சுமந்து வருவது, இப்போதைய பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில், ஐசோபியூட்டேன். லேபிளில் ஆர்-600ஏ என்று இருக்கும். சமையல் கேஸுக்குப் பங்காளி. கல்யாணச் சமையலில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரின் அடிப்பக்கம் வியர்த்து, சில நேரம் பனியே படிந்திருக்கும். உள்ளிருக்கும் திரவம் மளமளவென ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. ஃப்ரீசர் குழாயில் நடப்பதும் இதுதான்.

எந்தச் சூட்டில் கொதிப்பது என்பதை அழுத்தம் முடிவு செய்கிறது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. ஃப்ரீசர் குழாயில் நேர்மாறு: அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் ஐசோபியூட்டேன் மைனஸ் 20 டிகிரி வாக்கிலேயே கொதித்து, சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து, வெளிக்காற்றைப் போல ஆறு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்குகிறது. இந்த அழுத்தத்தில் 45 டிகிரியிலேயே அது திரவமாகிவிடும். அடுப்படி 35 டிகிரிதான் என்பதால் வெப்பம் தானாக வெளியே இறங்குகிறது. கூடவே கம்ப்ரசர் செலவழித்த மின்சாரத்தின் சூடும். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிராது என்பதற்கு இதுவே காரணம். குளிர்ந்த திரவம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகலான துளையுள்ள கேப்பிலரி குழாயில் முண்டிப் போய், மறுமுனையில் அழுத்தம் விழுந்ததும் மீண்டும் கொதிக்கிறது.

மொத்த வாயுவே 50 கிராம் அளவுதான். 30 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீர் ஐஸ் கட்டியாக, அதிலிருந்து 230 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐசோபியூட்டேன் ஒரு சுற்றில் சுமார் 250 கிலோஜூல் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த 50 கிராமும் பதினெட்டு முறையாவது சுற்றி வர வேண்டும். சுற்றுவதால் அது தீர்ந்துபோவதில்லை. "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று மெக்கானிக் சொன்னால், எங்கே ஓட்டை என்று கேளுங்கள்.

பல வீடுகளில் ஓட்டை போடுவது கத்திதான். நேரடிக் குளிர் ஃப்ரிட்ஜில் பனியைக் கத்தியால் சுரண்டும்போது அடியிலிருக்கும் மெல்லிய அலுமினியத் தடம் பொத்துவிடும். கம்ப்ரசர் ஓடும்போது அங்கே அழுத்தம் குறைவென்பதால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே ஏறும். அந்த ஈரம் கேப்பிலரி வாயில் உறைந்து வழியை அடைக்கும். வாயு குறைந்தால், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும், பக்கச் சுவரைத் தொட்டால் சுடாது.