‘பரவாயில்லை’ என்ற பதிலுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு சிற்றூர் வங்கிக் கிளையைக் கற்பனை செய்துகொள்வோம். வாசலில் ‘30 நிமிடத்தில் நகைக்கடன்’ என்று பேனர். பத்து மணிக்குச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓர் அம்மா வருகிறார். நகை மதிப்பீட்டாளர் பக்கத்து ஊர்க் கிளைக்கும் அவரேதான். இங்கே வரப் பதினொன்றரை ஆகும். பணம் கைக்கு வரும்போது மணி ஒன்று. கிளையில் புது ஏ.சி., மெத்தை நாற்காலி, குடிநீர் எல்லாம் உண்டு. யாரும் கடிந்து பேசவுமில்லை. வெளியே வரும்போது “எப்படிம்மா இருந்தது?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்கிறார்.

இந்தப் ‘பரவாயில்லை’யை வைத்துக்கொண்டு மேலாளர் எதையும் சரிசெய்ய முடியாது. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொன்னவர்கள் ஏ. பரசுராமன், வலேரி ஸைத்தாமல், லியோனார்ட் பெர்ரி என்ற மூவர். பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவில் நான்கு வகைச் சேவைகளை எடுத்துக்கொண்டது. வங்கிச் சேவை அவற்றில் ஒன்று. தரம் என்பது சேவைக்குள் மட்டும் இல்லை, வாடிக்கையாளர் எதிர்பார்த்து வந்ததற்கும் கண்டு உணர்ந்ததற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது என்றார்கள். 1988இல் இதை அளக்க ‘சர்வ்குவால்’ என்ற 22 வாக்கியக் கேள்வித்தாளைத் தந்தார்கள்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு முறை, 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்கப்படும். நல்ல வங்கி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. இந்தக் கிளை எப்படி இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்க வேண்டும். வாக்கியங்கள் ஐந்து குணங்களின் கீழ் வரும்: கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னபடி செய்வது, தாமதிக்காமல் உதவுவது, பணியாளரின் அறிவும் பண்பும் தரும் நம்பிக்கை, தனி ஆளாக மதித்துக் காட்டும் அக்கறை.

நம் கிளையில் ‘சொன்னபடி செய்வது’ என்பதற்கு எதிர்பார்ப்பு சராசரி 6.8, அனுபவம் 4.6 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி −2.2. வசதிகளுக்கு எதிர்பார்ப்பு 5.2, அனுபவம் 6.0, இடைவெளி +0.8. அடுத்து, 100 புள்ளிகளை ஐந்து குணங்களுக்கும் பங்கிடச் சொன்னால், சொன்னபடி செய்வதற்கு 35, வசதிக்கு 10 தருகிறார்கள். பெருக்கினால் ஒரு பக்கம் −77, மறுபக்கம் வெறும் +8. ஏ.சி.க்குச் செலவழித்த பணம் எங்கே போயிற்று என்பது புரிகிறதல்லவா? எண்கள் நான் போட்டவை. ஆனால் நம்பகம் முதலிடத்திலும் வசதிகள் கடைசியிலும் வருவதை அந்த மூவரும் தங்கள் ஆய்வுகளில் கண்டார்கள்.

இனிதான் மாதிரியின் சுவையான பகுதி. வாடிக்கையாளர் உணரும் இந்த இடைவெளி, வங்கிக்குள் இருக்கும் வேறு நான்கு இடைவெளிகளின் விளைவு. முதலில், நகைக்கடனுக்கு வருபவர் வட்டிக் குறைப்பைத்தான் விரும்புகிறார் என்று மேலாளர் நினைத்திருக்கலாம்; அவருக்கோ அன்று பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். இரண்டாவது, அவசரம் தெரிந்தும், மதிப்பீட்டாளர் எத்தனை மணிக்குக் கிளையில் இருக்க வேண்டும் என்று எங்கும் வரையறுக்கவில்லை. மூன்றாவது, பத்து மணி என்று எழுதி வைத்தும், இரண்டு கிளைக்கும் ஒரே ஆள் என்பதால் அது நடப்பதில்லை. நான்காவது, அந்தப் பேனர். கிளையைக் கேட்காமல் மேலிடம் அச்சடித்து அனுப்பியது.

எது காரணம் என்பதை வாடிக்கையாளரின் தாளில் கண்டுபிடிக்க முடியாது. மேலாளர், காசாளர், மதிப்பீட்டாளர் ஆகியோரைத் தனித்தனியே கேட்க வேண்டும். “வருபவருக்கு எது முக்கியம்?” என்ற கேள்விக்கு மேலாளர் பதிலும் வாடிக்கையாளர் பதிலும் வேறானால் கோளாறு முதல் இடத்தில். எழுதிய நேரம் இருந்தும் பதிவேட்டில் வேறு நேரம் இருந்தால் மூன்றாவதில். பேனரைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை; அது எதிர்பார்ப்பைத்தான் குறைக்கும், காத்திருப்பை அல்ல. பல கிளைகளில் மதிப்பீட்டாளரிடம் போவதற்குப் பதில் சிரிக்கக் கற்றுத்தரும் பயிற்சிக்குத்தான் பணியாளரை அனுப்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தக் கழித்தல் கணக்கில் ஒரு பலவீனம் உண்டு. எதிர்பார்ப்பைக் கேட்டால் பெரும்பாலோர் ஆறு, ஏழு என்றே போடுவார்கள். அதனால் அந்தப் பாதி புதிதாக எதையும் சொல்வதில்லை. 1992இல் குரோனின், டெய்லர் என்ற இருவர், அனுபவ மதிப்பெண் மட்டுமே போதும் என்று வாதிட்டு, வங்கி உட்பட நான்கு தொழில்களில் சோதித்துக் காட்டினார்கள்.

இன்னொரு சிக்கல், எதிர்பார்ப்பே தேய்ந்துபோனவர்கள். பல ஆண்டுகளாக வரிசையில் நின்று பழகிய ஓய்வூதியர் ஒருவர் எதிர்பார்ப்புக்கு 3 போட்டு, அனுபவத்துக்கு 4 போட்டால் இடைவெளி +1. அறிக்கையில் அவர் மகிழ்ச்சியான வாடிக்கையாளர். 7 எதிர்பார்த்து 6 பெற்ற இளைஞரோ −1, அதிருப்தியாளர். இருவரில் நல்ல சேவை பெற்றவர் யார் என்பது கழித்த விடையைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். அதனால் அறிக்கையைக் கையில் வாங்குபவர் இடைவெளிக்குப் பக்கத்திலேயே மூல மதிப்பெண்கள் இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.